எல்லாரிடமும் கேளுங்கள், ஒரே மாதிரி கேளுங்கள்

ஆன்லைனில் ஏதாவது வாங்கிப் பெட்டியைப் பிரித்தால், பொருளோடு சேர்ந்து ஒரு சிறு அட்டையும் வந்து விழும். "எங்கள் பொருள் பிடித்திருந்தால் 5 ஸ்டார் போடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து இந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினால் 100 ரூபாய் கேஷ்பேக். பிடிக்கவில்லையா? ரிவ்யூ எழுதும் முன் எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள்."

பார்ப்பதற்குப் பணிவான அட்டைதான். அச்சடித்தவரும் பெரும்பாலும் யாரையும் ஏமாற்ற நினைத்தவர் அல்ல. பக்கத்துக் கடைக்காரர் போட்டார், நாமும் போடுவோம் என்று போட்டிருப்பார். ஆனால் அமேசானின் விதிப்படி இந்த அட்டையில் மூன்று தப்புகள் இருக்கின்றன. எத்தனை ஸ்டார் என்று சொல்லிக் கேட்டது முதல் தப்பு. ரிவ்யூவுக்குப் பணம் தருவதாகச் சொன்னது இரண்டாவது. மூன்றாவதுதான் பலருக்குப் புரியாதது: பிடித்தவரை ரிவ்யூ பக்கத்துக்கும் பிடிக்காதவரை போனுக்கும் திருப்பிவிட்டது. குறையைத் தீர்க்கப் போன் எண் கொடுப்பது நல்ல காரியம்தானே என்று தோன்றும். குறை தீர்ப்பதில் தப்பில்லை. 'ரிவ்யூ எழுதும் முன்' என்ற மூன்று சொற்களில்தான் தப்பு. நல்லது ஊருக்குத் தெரியட்டும், கெட்டது நமக்குள் இருக்கட்டும் என்று வடிகட்டுகிற வேலை அது.

திருப்தியான வாடிக்கையாளரிடம் ரிவ்யூ கேட்க விரும்பும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்: திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்கவே கூடாது. கேட்டால் எல்லாரிடமும் கேட்க வேண்டும், ஒரே வார்த்தையில் கேட்க வேண்டும், ஒரு தடவைதான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் நல்லவை குறைந்து கெட்டவை கூடிவிடாதா? பெரும்பாலும் கூடாது. கோபம் வந்தவர் யாரும் கேட்காமலேயே எழுதிவிடுகிறார். பொருள் நன்றாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கிறவர்தான் சும்மா இருக்கிறார். பொதுவாகக் கேட்கும்போது அதிகமாக வாய் திறப்பவர் அந்தச் சும்மா இருந்தவர்தான். விதியை மீறாமலே பலன் கிடைக்கும் வழி அது.

ஒரு தோசைக்கல்லின் கதை

இதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். கோவையில் வார்ப்பிரும்புத் தோசைக்கல் செய்து அமேசானில் விற்கும் ஒரு சிறு பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் வார்ப்பைப் பார்க்கிறார், தம்பி கணினியைப் பார்க்கிறார். மாதம் இருநூறு கல் போகிறது. மொத்தம் இருபது ரிவ்யூ வந்திருக்கிறது, அதில் நான்கு ஒற்றை ஸ்டார். அந்த நான்கில் மூன்று ஒரே பாட்டு: "தோசை ஒட்டுது." நான்காவது: "காது உடைந்து வந்தது."

கல்லில் குறை இல்லை என்பது அண்ணனுக்குத் தெரியும். வார்ப்பிரும்புக் கல்லைப் பழக்க வேண்டும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெயை மெல்லியதாகத் தடவி, புகை வரும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி தடவ வேண்டும். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து, முதல் இரண்டு மூன்று தோசையைப் போனால் போகிறது என்று விட்டுவிட வேண்டும். பழக்கிய கல் என்று சொல்லி விற்றாலும், வந்த முதல் நாளே சோப்புப் போட்டுத் தேய்த்தால் பழக்கம் போய்விடும். இதெல்லாம் வீட்டில் பாட்டி இருந்தால் தெரியும். பெங்களூரில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையனுக்கு எப்படித் தெரியும்?

"அந்த மூணு பேருக்கும் போன் போட்டுப் பேசலாமா அண்ணா? நம்பர் பார்சல் லேபிள்ல இருக்கே" என்று தம்பி கேட்கலாம். கூடாது. ஆர்டரை அனுப்பிவைக்கக் கொடுக்கப்பட்ட முகவரியும் எண்ணும் அந்த வேலைக்கு மட்டும்தான். அவற்றை வைத்துக்கொண்டு ரிவ்யூ பற்றிப் பேசுவது விதிமீறல். அதைவிட மோசம், ஸ்டாரை மாற்றச் சொல்லியோ ரிவ்யூவை எடுத்துவிடச் சொல்லியோ கேட்பது. பணத்தைத் திருப்பித் தருகிறேன், நீங்கள் ரிவ்யூவை எடுங்கள் என்பதும் அதே கணக்கில்தான் சேரும். பணம் திருப்பித் தரலாம், மாற்றுக் கல்லும் அனுப்பலாம். ஆனால் அதோடு ரிவ்யூவை முடிச்சுப் போடக்கூடாது.

அப்படியானால் இந்தப் பட்டறை என்ன செய்யலாம்? அந்த மூன்று ரிவ்யூவும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன: கல்லைப் பழக்கும் முறை வாங்கியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. எனவே முதல் வேலை ரிவ்யூ கேட்பது அல்ல, பெட்டிக்குள் பழக்கும் முறையைப் படத்தோடு அச்சடித்து வைப்பது. தயாரிப்புப் பக்கத்திலும் அதையே படமாகப் போட வேண்டும். காது உடைந்ததற்கு அட்டைப்பெட்டியின் மூலைகளில் கூடுதல் தாங்கல் கொடுக்க வேண்டும், ஏனென்றால் வார்ப்பிரும்பு வளையாது, கீழே விழுந்தால் விரிசல்தான் விடும். இவற்றைச் செய்யாமல் ரிவ்யூ கேட்டால், அதே நான்கு ஒற்றை ஸ்டார் எட்டாகும், அவ்வளவுதான்.

எப்போது கேட்பது

அமேசான் விற்பனையாளர் கணக்கில், ஒவ்வொரு ஆர்டரின் விவரப் பக்கத்திலும் "Request a Review" என்று ஒரு பொத்தான் இருக்கும். பொருள் போய்ச் சேர்ந்த 5-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாள்வரை அதை அழுத்தலாம். அழுத்தினால் அமேசானே வாங்கியவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பும். பொருளைப் பற்றியும் விற்பனையாளரைப் பற்றியும் ஒரே கடிதத்தில் கேட்கும். அதில் ஒரு சொல்லைக்கூட நம்மால் மாற்ற முடியாது. சிலருக்கு இது குறையாகத் தோன்றும். உண்மையில் சிறு வியாபாரிக்கு இதுதான் பெரிய பாதுகாப்பு. நாம் ஒரு சொல்லும் எழுதாதபோது, தப்பான சொல் எழுதிவிட்டோமே என்ற பயமும் இல்லை. ஓர் ஆர்டருக்கு ஒரு தடவைதான் அழுத்த முடியும் என்பதால் நச்சரிக்கவும் வழியில்லை.

இந்த 5-லிருந்து 30-க்குள் எந்த நாள் என்பதைப் பொருளைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். செல்போன் உறை என்றால் ஆறாம் நாளே போதும், போட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிடும். முகத்தில் பூசும் கிரீம் என்றால் மூன்று வாரமாவது வேண்டும். தோசைக்கல்லுக்கு ஐந்தாம் நாள் என்பது மோசமான நாள். அப்போதுதான் கல் இன்னும் பழகாமல் தோசை பிய்ந்துகொண்டிருக்கும், வாங்கியவர் மனமும் சேர்ந்து பிய்ந்துகொண்டிருக்கும். மூன்றாவது வாரத்தில் கல் கறுத்து வழவழவென்று ஆகியிருக்கும், அல்லது சரியாகப் பழக்காமல் துருப் பிடித்திருக்கும். இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்த நேரத்தில் அவர் சொல்வது உபயோகித்துப் பார்த்தவரின் பேச்சாக இருக்கும், அடுத்து வாங்குபவருக்கும் அதுதான் உதவும்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவர எளிய வழி ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள், திங்கட்கிழமை என்று வைப்போம். அன்றிலிருந்து பின்னோக்கி எண்ணி, 15 முதல் 21 நாளுக்கு முன் போய்ச் சேர்ந்த ஆர்டர்களையெல்லாம் எடுத்து, ஒன்று விடாமல் பொத்தானை அழுத்த வேண்டும். ஏழு நாள் அகலமுள்ள வலை, ஏழு நாளுக்கு ஒரு தடவை வீசப்படுகிறது. எந்த ஆர்டரும் விடுபடாது, எதுவும் இரண்டு முறை மாட்டாது. மாதம் இருநூறு ஆர்டர் உள்ள பட்டறைக்கு வாரத்துக்கு ஐம்பது அழுத்தல், அரை மணி நேர வேலை.

'ஒன்று விடாமல்' என்பதில்தான் தம்பிக்குத் தயக்கம் வரும். பட்டியலைப் பார்க்கும்போதே யார் யார் குறை சொல்லிச் செய்தி அனுப்பினார்கள் என்பது அவருக்கு நினைவிருக்கும். "இந்த ஆளை விட்டுருவோம்" என்று தோன்றும். அந்த இடத்தில்தான் நேர்மை சோதிக்கப்படுகிறது. காது உடைந்த கல்லுக்கு மாற்றுக் கல் வாங்கியவரையும் கேட்கத்தான் வேண்டும். அவர், "உடைந்து வந்தது, ஆனால் மறுநாளே வேறு அனுப்பினார்கள்" என்று எழுதக்கூடும். வெறும் "சூப்பர்" என்று எழுதிய பத்து ரிவ்யூவைவிட இப்படி ஒன்று, வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவரை அதிகம் தேற்றும். எழுதாமலும் போகலாம், திட்டவும் திட்டலாம். அதைத் தீர்மானிக்கும் உரிமை அவருடையது.

பொத்தானை விட்டுவிட்டு, அமேசானின் செய்திப் பெட்டி வழியாகத் தானே எழுதிக் கேட்கவும் அனுமதி உண்டு. ஆனால் கட்டுப்பாடுகள் அதிகம். நம் இணையதள முகவரி, போன் எண், விளம்பரம், கூப்பன் எதுவும் இருக்கக்கூடாது. "திருப்தியாக இருந்தால்" என்ற நிபந்தனையும் கூடாது. வெறுமனே நன்றி சொல்லி ஒரு செய்தி அனுப்பக்கூட அனுமதி இல்லை. பொத்தானை ஏற்கெனவே அழுத்தியிருந்தால் மறுபடி கேட்டு எழுதவும் கூடாது. இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொண்டு எழுதுவதைவிட, பொத்தானோடு நிறுத்திக்கொள்வது சிறு வியாபாரிக்கு நிம்மதி.

அட்டையைத் திருத்தி எழுதினால்

பெட்டிக்குள் அட்டையே வைக்கக்கூடாதா? வைக்கலாம். நடுநிலையாகக் கேட்பதை விதி தடுக்கவில்லை. தோசைக்கல் பட்டறையின் அட்டை இப்படி இருக்கலாம்:

"இந்தக் கல்லைப் பழக்கும் முறை பின்பக்கம் படத்தோடு இருக்கிறது. முதல் மூன்று தோசை ஒட்டலாம், பிறகு சரியாகும். கல்லில் விரிசலோ உடைசலோ இருந்தால் அமேசானில் உங்கள் ஆர்டர் பக்கத்தின் வழியாக எங்களுக்கு எழுதுங்கள், மாற்றித் தருகிறோம். சில வாரம் உபயோகித்த பின் உங்கள் அனுபவத்தை அமேசானில் எழுதினால் மற்றவர்களுக்கு உதவியாக இருக்கும். நல்லது, குறை எதுவானாலும் எழுதலாம்."

முதல் அட்டைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். இதிலும் குறை சொல்ல வழி இருக்கிறது, ரிவ்யூ கேட்பதும் இருக்கிறது. ஆனால் ஒன்றை மற்றொன்றின் வாசலில் காவல் நிறுத்தவில்லை. உடைசல் இருந்தால் மாற்றித் தருவது ரிவ்யூ எழுதினாலும் எழுதாவிட்டாலும் நடக்கும். ஸ்டார் எத்தனை என்ற பேச்சே இல்லை. ஸ்டார் படத்தைக்கூட அட்டையில் அச்சடிக்காமல் விடுவது நல்லது, ஐந்து மஞ்சள் நட்சத்திரம் வரிசையாக நின்றாலே அது ஒரு விடையைக் காட்டிக் கொடுப்பதாகிவிடும்.

இது ஏதோ காகித விதி, யார் பெட்டியைப் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நடந்த கதை. ராவ்பவர் என்ற சீன நிறுவனத்தின் சார்ஜர்களும் பவர் பேங்குகளும் அமெரிக்காவில் நன்றாக விற்றுக்கொண்டிருந்தன. பொருளும் தரமானதுதான் என்று பெயர். ரிவ்யூ எழுதினால் 35 டாலர் பரிசு அட்டை என்று பெட்டிக்குள் வைத்திருந்த ஒரு சீட்டு, 2021 ஜூனில் பத்திரிகைச் செய்தியானது. சில நாள்களிலேயே அந்தப் பொருள்கள் அமேசானிலிருந்து காணாமல் போயின. அதே ஆண்டில், இப்படி ரிவ்யூ விதிகளைத் திரும்பத் திரும்ப மீறியதற்காகச் சுமார் 600 சீன பிராண்டுகளைத் தடை செய்ததாக அமேசான் சொன்னது. ரிவ்யூ எழுதச் சொல்லி இலவசமாகவோ தள்ளுபடியிலோ பொருள் கொடுப்பதை அமேசான் 2016 அக்டோபரிலேயே நிறுத்தியிருந்தது. அந்தச் சீட்டைக் காட்டிக் கொடுக்கப் போட்டியாளர் ஒருவர் ஒரு பெட்டி வாங்கிப் பிரித்தாலே போதும் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

சொந்தக்காரர், ஏஜென்ட், பணியாரக்கல்

புதிதாகக் கடை போட்டவரை மூன்று ஆசைகள் இழுக்கும்.

முதலாவது சொந்தக்காரர்கள். "நம்ம மாப்பிள்ளை கம்பெனிதானே, நான் ஒரு அஞ்சு ஸ்டார் போட்டுடறேன்" என்று மாமா சொன்னால் மறுப்பது சங்கடம். ஆனால் உறவினர், நெருங்கிய நண்பர், ஊழியர் யாரும் எழுதக்கூடாது. மாமா காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், கல் உண்மையிலேயே அவருக்குப் பிடித்திருந்தாலும் விதி மாறாது. படிப்பவருக்கு அவர் மாமா என்பது தெரியாது, அதுதான் காரணம். மாமாவிடம், "ரிவ்யூ வேண்டாம் மாமா, எங்கே சரியில்லைன்னு எங்கிட்ட மட்டும் சொல்லுங்க" என்று சொல்லிவிடலாம். முதல் பத்துக் கல்லின் குறைகளை அவர் சொல்வதுபோல் வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.

இரண்டாவது ஏஜென்ட். பொருளைப் போட்ட சில வாரங்களில் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒருவர் வருவார். "எங்களிடம் ஆள் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் பொருளை வாங்குவார்கள், 5 ஸ்டார் போடுவார்கள், நீங்கள் பணத்தை ஜிபேயில் திருப்பிவிடுங்கள், எங்களுக்கு ஆளுக்கு இவ்வளவு கமிஷன்" என்பார். அந்த ரிவ்யூக்களில் 'Verified Purchase' என்ற முத்திரையும் இருக்கும், ஆகவே யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று உறுதி சொல்வார். எத்தனை ஸ்டார் என்பதை முன்பே பேசி, ரிவ்யூ வந்த பிறகு பணம் என்று சொன்னாலே அது விலைக்கு வாங்கிய ரிவ்யூ. ஒரே கூட்டம் பல கடைகளில் ஒரே நாளில் வாங்கி ஒரே மாதிரி எழுதும்போது அந்தத் தொடர்பு அமேசானின் கணினிக்குத் தெரிந்துவிடும். ரிவ்யூ மட்டும் போனால் பரவாயில்லை, விற்கும் உரிமையே போகலாம். அப்போது ஏஜென்ட் வேறு எண்ணுக்கு மாறியிருப்பார்.

மூன்றாவது ஆசை கொஞ்சம் நுட்பமானது. தோசைக்கல்லுக்கு ஒருநாள் நல்ல ரிவ்யூக்கள் சேர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். பட்டறை புதிதாகக் குழிப்பணியாரக் கல் வார்க்கிறது. அதைத் தனிப் பொருளாகப் போட்டால் ரிவ்யூ பூஜ்யத்திலிருந்து தொடங்கும். தோசைக்கல் பக்கத்திலேயே இன்னொரு வகையாகச் சேர்த்துவிட்டால், தோசைக்கல்லின் ஸ்டார்கள் பணியாரக்கல்லுக்கும் தெரியும். பத்து அங்குலம், பன்னிரண்டு அங்குலம் என்று அளவு மாறும் தோசைக்கற்களைத்தான் அப்படி ஒரே பக்கத்தில் வைக்கலாம். வேறு பொருளைச் சேர்ப்பது ரிவ்யூவைக் கடத்துவது. அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்டிசி, 2023 பிப்ரவரியில் பவுன்டிஃபுல் என்ற வைட்டமின் நிறுவனத்தின் மேல் இதே குற்றத்துக்காக நடவடிக்கை எடுத்தது. நன்றாக விற்ற பொருளோடு புதிய பொருள்களை அமேசானில் வகைகளாகச் சேர்த்து, பழைய ரிவ்யூக்களைப் புதியவை மேல் ஏற்றிக் காட்டியது என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் 6 லட்சம் டாலர் கட்டியது. அங்கே ஒரு பொய் ரிவ்யூகூட எழுதப்பட வேண்டியிருக்கவில்லை. உண்மையான ரிவ்யூவைத் தப்பான பொருளுக்குக் கீழே வைத்ததே போதுமானதாக இருந்தது.

கடை வாசலில் கேட்கும்போது

அதே பட்டறை உக்கடத்தில் ஒரு சிறு கடையும் வைத்திருந்தால், கூகுள் மேப்பில் வரும் ரிவ்யூவும் அதற்கு வேண்டும். கூகுளின் வணிகக் கணக்கில் ரிவ்யூ பக்கத்துக்கு நேராகப் போகும் ஒரு இணைப்பும் கியூஆர் குறியீடும் கிடைக்கும். அதை அச்சடித்துக் கல்லாவில் ஒட்டலாம், பில்லின் அடியிலும் போடலாம். விதி இங்கும் அதே குணம்தான்: ரிவ்யூவுக்குத் தள்ளுபடியோ பரிசோ கொடுக்கக்கூடாது, குறை எழுதுபவரைத் தடுக்கக்கூடாது, நல்லது சொல்பவரை மட்டும் பொறுக்கிக் கேட்கக்கூடாது. "ரிவ்யூ போட்டால் டீ இலவசம்" என்பது ஸ்டாரைச் சொல்லாவிட்டாலும் மீறல்தான். கேட்பதே கூடாது என்கிற தளமும் உண்டு, அமெரிக்காவில் உணவகங்களுக்குப் பேர்போன யெல்ப் அப்படித்தான் சொல்கிறது. எனவே புதிய தளத்துக்குப் போகும்போது, அங்கே ரிவ்யூ கேட்கலாமா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

நேரில் கேட்கும்போது ஆன்லைனில் இல்லாத ஓர் ஆபத்து வருகிறது: முகம். டெலிவரி பையன் வாசலில் நின்று, "சார், அஞ்சு ஸ்டார் குடுத்துருங்க சார்" என்று சொல்லும்போது நம்மில் எத்தனை பேர் மறுக்கிறோம்? அவன் சம்பளத்துக்கு அந்த ஸ்டார் தேவை என்பது நமக்குத் தெரியும். அது நம் இரக்கத்துக்குக் கிடைத்த ஸ்டாரே தவிர, சேவைக்குக் கிடைத்தது அல்ல. பையன் மேல் குற்றம் இல்லை, ஸ்டாரைச் சம்பளத்தோடு கட்டிவைத்தவர்கள் மேல்தான். அதையே கடைக்காரர்களும் செய்கிறார்கள். பில் போட்டுவிட்டு, வாடிக்கையாளரின் போனை வாங்கித் தாமே பக்கத்தைத் திறந்து, ஐந்தாவது நட்சத்திரம்வரை விரலை இழுத்து, "இதை மட்டும் அழுத்திடுங்கக்கா" என்கிறார்கள். பக்கத்திலேயே நின்று திரையைப் பார்க்கிறார்கள். அக்கா சிரித்துக்கொண்டே அழுத்துகிறார், அடுத்த தடவை வேறு கடைக்குப் போகிறார்.

நெருக்கடி கொடுக்கிறோமா இல்லையா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கேட்கப்பட்டவர் பேசாமல் போய்விட்டால் அவருக்கு ஏதாவது குறையுமா? தள்ளுபடி குறையுமா, சேவை குறையுமா, உங்கள் முகத்தில் சிரிப்புக் குறையுமா? குறையும் என்றால் அது கேட்பதல்ல, வாங்குவது. சொல்லித்தர வேண்டியது ஊழியர்களுக்குத்தான்: "பில்லுல கியூஆர் இருக்கு, நேரம் கிடைக்கும்போது உங்க அனுபவத்தை எழுதுங்க" என்று பில் கொடுக்கும்போது எல்லாரிடமும் ஒரே வாக்கியம். அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம். இந்த மாதம் இத்தனை ரிவ்யூ வாங்கினால் ஊழியருக்கு இவ்வளவு ஊக்கத்தொகை என்று வைத்தால், அந்த வாக்கியம் இரண்டே நாளில் கெஞ்சலாக மாறிவிடும். ஆகவே அதையும் வைக்காமல் இருப்பது நல்லது.

பாராட்டுக் கடிதம் போல் யாராவது வாட்ஸ்அப்பில், "கல் அருமையாக இருக்கு, அம்மாவுக்கும் ஒண்ணு வேணும்" என்று எழுதினால் என்ன செய்வது? நன்றி சொல்லி அம்மாவுக்குக் கல்லை அனுப்புங்கள், பில்லில் உள்ள அதே வாக்கியம் அவருக்கும் போய்ச் சேரும். அந்தச் செய்தியை விளம்பரத்தில் போட ஆசை வந்தால், பெயர் போடலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டுப் போடலாம். ஆனால் அதை எடுத்து நாமே கூகுளில் இன்னொரு பெயரில் எழுதிவிடக்கூடாது.

கடைசியாகச் சொன்னதை நம் நாட்டுச் சட்டமே தடுக்கிறது. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையச் சந்தையில் விற்பவர் தன்னை வாங்கியவர்போல் காட்டிக்கொண்டு ரிவ்யூ எழுதக்கூடாது. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே IS 19000:2022 என்ற தரநிலையை வெளியிட்டது. ரிவ்யூவை எப்படிச் சேகரிப்பது, எப்படிச் சரிபார்ப்பது, எப்படி வெளியிடுவது என்று தளங்களுக்கு அது சொல்கிறது. விருப்பப்பட்டு ஏற்றுக்கொள்ளும் தரநிலையாகத்தான் அது வந்தது. அமெரிக்காவிலோ 2024 அக்டோபர் முதல் எஃப்டிசியின் தனி விதியே நடைமுறைக்கு வந்துவிட்டது. நல்லதாக எழுதினால்தான் பரிசு என்பதை அது நேரடியாகத் தடை செய்கிறது. நம் ஊரிலிருந்து அங்கே பொருள் அனுப்பி விற்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஒற்றை ஸ்டார் வந்தால்

எல்லாரிடமும் கேட்டால் சில குறைகளும் வரும். கூகுளில் கடைக்காரர் பகிரங்கமாகப் பதில் எழுதலாம். அந்தப் பதில் திட்டியவருக்காக என்பதைவிட, அதைப் பிறகு படிக்கப் போகும் நூறு பேருக்காக எழுதப்படுவது. "கல் ஒட்டியதற்கு வருந்துகிறோம். வார்ப்பிரும்பு பழகும்வரை இப்படி ஆவதுண்டு. எண்ணெய் தடவிச் சூடாக்கும் முறையைக் கடையில் செய்து காட்டுகிறோம், கல்லை எடுத்து வாருங்கள். அப்படியும் சரிவராவிட்டால் மாற்றித் தருகிறோம்" என்று எழுதினால் போதும். ஸ்டாரை மாற்றுங்கள் என்ற சொல் அதில் எங்கும் வரக்கூடாது. அவர் எந்த ஊர், எப்போது வாங்கினார் என்ற விவரத்தையும் நாமாக வெளியிடக்கூடாது. கல் சரியானதும் அவரே ரிவ்யூவைத் திருத்தினால் திருத்தட்டும், திருத்தாவிட்டாலும் பதில் அங்கே இருக்கிறது.

அமேசானில் இரண்டு வகைக் கருத்துகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பொருளைப் பற்றிய ரிவ்யூ வேறு, விற்பனையாளரைப் பற்றிய மதிப்பீடு வேறு. வாங்குபவர் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. விற்பனையாளர் மதிப்பீட்டில் வந்து "கல் ரொம்ப கனம்" என்று எழுதிவிடுவார். முழுக்கப் பொருளைப் பற்றி மட்டும் பேசும் அப்படிப்பட்ட மதிப்பீட்டை நீக்கக் கேட்டு அமேசானிடம் முறையிடலாம், அது நியாயமான வழி. அதேபோல, ஆபாசமான வசை, பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத பேச்சு இவற்றையும் ரிவ்யூவின் கீழே உள்ள 'Report' மூலம் தெரிவிக்கலாம். ஆனால் "கனம்", "ஒட்டுது", "விலை ஜாஸ்தி" என்பவை வாங்கியவரின் அனுபவம். பிடிக்காத அனுபவத்தையெல்லாம் புகாராக அனுப்பிக்கொண்டிருந்தால் பலன் இருக்காது.

அந்த "கனம்" என்ற சொல்லுக்கும் ஒரு வேலை உண்டு. தயாரிப்புப் பக்கத்தில் கல்லின் எடை எத்தனை கிலோ என்று முதல் வரியிலேயே போட்டுவிட்டால், கனமான கல் வேண்டாதவர் வாங்கவே மாட்டார். அடுத்த மாதம் அந்தக் குறை குறையும். நேர்மையாகச் சேர்ந்த ரிவ்யூவின் மிகப் பெரிய லாபமே இதுதான். விலைக்கு வாங்கிய ஐந்து ஸ்டார்களிலிருந்து தயாரிப்பாளர் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

இந்த வழி மெதுவானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் எழுதமாட்டார்கள். புதுப் பொருளுக்கு முதல் சில ரிவ்யூ வரவே மாதங்கள் ஆகலாம். பிராண்டைப் பதிவு செய்தவர்களுக்கு அமேசானே நடத்தும் வைன் என்ற திட்டம் உண்டு. அதில் பொருளை இலவசமாகக் கொடுக்க வேண்டும், யாருக்கு என்பதை விற்பனையாளர் தீர்மானிக்க முடியாது, வாங்கியவர் ஒற்றை ஸ்டாரும் போடலாம், அது இலவசமாகக் கிடைத்த பொருளுக்கான ரிவ்யூ என்பதும் படிப்பவருக்குத் தெரியும்படி குறிக்கப்பட்டிருக்கும். இலவசமாகக் கொடுத்தும் விதியோடு ரிவ்யூ பெற இருக்கும் வழி அது ஒன்றுதான். மற்றபடி, பெட்டியின் மூலையைப் பலப்படுத்தி, பழக்கும் முறையை அச்சடித்து வைத்து, திங்கட்கிழமை தோறும் அந்த ஐம்பது ஆர்டர்களுக்கும் பொத்தானை அழுத்திவிட்டுப் பட்டறை வேலைக்குத் திரும்புவதுதான் செய்ய வேண்டியது.